ஷார்ட் அடித்த பங்கில் கையில் மிஞ்சுவது எவ்வளவு: இரவல் கட்டணமும் டிவிடெண்டும் சேர்த்துக் கணக்குப் போடும் முறை

ஒரு பங்கை 50 டாலருக்கு ஷார்ட் அடித்து 46 டாலருக்குத் திருப்பி வாங்கினால் பங்குக்கு 4 டாலர் லாபம் என்று புதிதாக வருகிறவர்கள் கணக்குப் போடுவார்கள். புரோக்கர் திரையில் தெரியும் `Unrealized P&L` எண்ணும் பெரும்பாலும் அதையேதான் சொல்லும். ஆனால் ஷார்ட் என்பது நம்மிடம் இல்லாத பங்கை இரவல் வாங்கி விற்பது. இரவலுக்கு வாடகை உண்டு. இரவல் இருக்கும் காலத்தில் கம்பெனி டிவிடெண்ட் கொடுத்தால் அதையும் பங்கின் சொந்தக்காரருக்கு நாம்தான் கொடுக்க வேண்டும். இந்த இரண்டையும் கழித்த பிறகு மிஞ்சுவதே உண்மையான லாபம்.

இந்தக் கணக்கை அமெரிக்கச் சந்தையை வைத்துப் பார்ப்போம். அங்கே தனிநபர்கூட வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஷார்ட் வைத்திருக்க முடியும். கட்டணம் நாள்தோறும் மாறும். அதனால் கணக்கில் சிக்கலும் அதிகம். இந்தியாவில் நடைமுறை வேறு. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

விற்பதற்கு முன் பார்க்க வேண்டிய மூன்று எண்கள்

ஆர்டர் போடும் முன் மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது, இரவல் வீதம். புரோக்கர் மென்பொருளில் இது `Fee Rate` அல்லது `Borrow Fee` என்ற பெயரில், ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று இருக்கும். எல்லாரிடமும் தாராளமாகக் கிடைக்கும் பெரிய கம்பெனிப் பங்குகளுக்கு இது ஒரு சதவீதத்துக்கும் கீழே கிடக்கும். கிடைப்பதற்கு அரிதான பங்குகளுக்கு 20, 50, 100 சதவீதத்தைக்கூடத் தாண்டும்.

இரண்டாவது, இரவலுக்குக் கிடைக்கும் பங்குகளின் எண்ணிக்கை. அமெரிக்காவின் ரெகுலேஷன் ஷோ விதிப்படி, பங்கு இரவல் கிடைக்கும் என்று நம்பத் தகுந்த காரணம் இருந்தால்தான் புரோக்கர் ஷார்ட் ஆர்டரை ஏற்க முடியும். இந்த எண்ணிக்கை காலையில் சில லட்சமாக இருந்து மாலையில் சில ஆயிரமாகச் சுருங்கினால், வீதம் ஏறப்போகிறது என்று பொருள்.

மூன்றாவது, அடுத்த டிவிடெண்ட் யாருக்குச் சேரும் என்பதைத் தீர்மானிக்கும் நாளான எக்ஸ்-டேட்டும், அதன் தொகையும். அறிவிப்பு இன்னும் வரவில்லை என்றால் கடந்த ஆண்டு எந்த வாரத்தில் வந்தது என்று பாருங்கள். கம்பெனிகள் பெரும்பாலும் அதே காலண்டரைத்தான் பின்பற்றுகின்றன.

ஒரு பழைய சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஷார்ட் விற்ற பணம் கணக்கில் வரவாகத் தெரியும். அது செலவழிக்கிற பணம் இல்லை. இரவல் வாங்கிய பங்குக்கு ஈடாகப் பிடித்து வைக்கப்படுவது. அதற்கு மேலும் விற்பனைத் தொகையில் பாதியை மார்ஜினாக நாம் வைக்க வேண்டும். 10,000 டாலருக்கு ஷார்ட் அடித்தால் சொந்தப் பணம் 5,000 முடங்கும்.

இரவல் கட்டணம் ஓடும் விதம்

பெரும்பாலானவர்கள் தவறும் இடம் இதுதான். விற்ற விலையின் மேல் கட்டணம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு நாளும் முந்தைய நாளின் முடிவு விலையை எடுத்து, அதை 102 சதவீதமாக்கி, வரும் எண்ணை அடுத்த முழு டாலருக்கு ஏற்றி, அந்தத் தொகையின் மேல் கட்டணம் போடுகிறார்கள். 102 சதவீதம் என்பது பங்கை இரவல் கொடுத்தவருக்கு வைக்கும் ஈட்டுத்தொகையின் வழக்கமான அளவு. ஆண்டை 365 நாளாக எடுக்காமல் 360 நாளாக எடுப்பதும் அங்கே வழக்கம். எல்லா புரோக்கரும் அச்சு அசலாக இதே முறையில் போடுவதில்லை என்பதால், உங்கள் புரோக்கரின் கட்டணப் பக்கத்தை ஒருமுறை வாசித்துவிடுங்கள். பரவலாக உள்ள முறை இதுதான்.

விரிதாளில் ஒரு வேலைநாளுக்கு ஒரு வரி போடுங்கள். B பத்தியில் முந்தைய முடிவு விலை, C-யில் பங்குகள், D-யில் அன்றைய வீதம் % குறியோடு, E-யில் அந்த வரிக்கு எத்தனை நாள் என்று வைத்தால் சூத்திரம் இவ்வளவுதான்:

```
=ROUNDUP(B2*1.02,0)*C2*D2/360*E2
```

E பத்தி எதற்கு என்றால், சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களுக்கும் கட்டணம் ஓடும். வெள்ளிக்கிழமை வரியில் 3 என்று போட வேண்டும். வியாழன் விடுமுறை என்றால் புதன் வரியில் 2.

எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை என்பதும் முக்கியம். கட்டணம், பங்கும் பணமும் கைமாறும் செட்டில்மென்ட் நாளைப் பொறுத்தது, ஆர்டர் போட்ட நாளைப் பொறுத்தது அல்ல. அமெரிக்காவில் 2024 மே 28 முதல் செட்டில்மென்ட் மறுநாளே நடக்கிறது. திங்களன்று விற்றால் செவ்வாயிலிருந்து கட்டணம் தொடங்கும். திருப்பி வாங்கியதும் மறுநாள் செட்டில் ஆகும். அதற்கு முந்தைய நாள் வரை கட்டணம் உண்டு. காலையில் விற்று அன்று மாலையே கவர் செய்தால், அதாவது திருப்பி வாங்கிவிட்டால், இரண்டும் ஒரே நாளில் செட்டில் ஆவதால் பொதுவாக இரவல் கட்டணம் விழுவதில்லை.

இதிலிருந்து கையில் பிடிக்கிற மாதிரி ஒரு வித்தியாசம் கிடைக்கிறது. வியாழனன்று கவர் செய்தால் வெள்ளியன்று செட்டில் ஆகி, வியாழனோடு கட்டணம் நின்றுவிடும். அதையே வெள்ளிக்குத் தள்ளினால் திங்களன்றுதான் செட்டில் ஆகும். வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள் கட்டணம் கூடும். வீதம் ஒரு சதவீதத்துக்குள் இருந்தால் இது காபி காசு. 80 சதவீதம் ஓடும் பங்கில் யோசிக்க வேண்டிய தொகை.

முழு டாலருக்கு ஏற்றும் வழக்கம் விலை குறைந்த பங்குகளில் நன்றாகவே கடிக்கும். 1.10 டாலர் பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 102 சதவீதம் 1.122, ஏற்றினால் 2 டாலர். ஆக நீங்கள் ஷார்ட் அடித்தது 1.10-க்கு, வாடகை கட்டுவது 2 டாலருக்கு. திரையில் 30 சதவீதம் என்று காட்டும் வீதம் உண்மையில் 54 சதவீதத்துக்கு மேல் போய்விடும். ஒன்று, இரண்டு டாலர் பங்குகளை ஷார்ட் அடித்தவர்கள் ஸ்டேட்மென்டைப் பார்த்துப் புரோக்கர் ஏமாற்றிவிட்டார் என்று கோபப்படுவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த ஏற்றம்தான்.

இன்னொன்று: வீதம் நிலையானது அல்ல. நீங்கள் விற்றபோது 18 சதவீதம் என்றால் அது அன்றைய வீதம். இரவல் கேட்போர் கூடினாலோ கொடுப்போர் பங்கைத் திரும்பக் கேட்டாலோ, ஏற்கனவே ஷார்ட் வைத்திருக்கும் உங்களுக்கும் மறுநாள் முதல் புதிய வீதம்தான். பூட்டி வைக்க வழி இல்லை.

சில இடங்களில் கட்டண வீதத்துக்குப் பதிலாக `Rebate Rate` என்று காட்டுவார்கள். ஈடாக நிற்கும் பணத்துக்குக் கிடைக்கும் வட்டியில் இரவல் கட்டணத்தைக் கழித்த எண் அது. சந்தை வட்டி 4.33 சதவீதமாகவும் இரவல் கட்டணம் 18 சதவீதமாகவும் இருந்தால் ரிபேட் −13.67 என்று இருக்கும். கழித்தல் குறியோடு இருந்தால் பணம் உங்களிடமிருந்து போகிறது என்று அர்த்தம். சிறிய கணக்குகளுக்கு ஈட்டுப் பணத்தின் வட்டி வருவது அரிது. எனவே இங்கே அதைச் சேர்க்கவில்லை.

டிவிடெண்ட்: யார் யாருக்குக் கொடுக்கிறார்கள்

உங்களுக்குப் பங்கை இரவல் கொடுத்தவர் ஒருவர். அதை உங்களிடமிருந்து சந்தையில் வாங்கியவர் இன்னொருவர். கம்பெனியின் ஏட்டில் இப்போது வாங்கியவர்தான் பங்குதாரர். டிவிடெண்ட் அவருக்குப் போகும். இரவல் கொடுத்தவர் தன் பங்கை விற்கவில்லை, கொடுத்துத்தான் வைத்திருக்கிறார்; அவருக்கும் டிவிடெண்ட் வர வேண்டும். கம்பெனி ஒரு பங்குக்கு இரண்டு முறை கொடுக்காது. அந்த இரண்டாவது டிவிடெண்டைக் கொடுப்பவர் நீங்கள். ஸ்டேட்மென்டில் இது `Payment in Lieu of Dividend` என்று வரும்.

யார் மேல் விழும் என்பதை எக்ஸ்-டேட் தீர்மானிக்கிறது. எக்ஸ்-டேட்டுக்கு முந்தைய வேலைநாள் சந்தை முடியும்போது உங்களிடம் ஷார்ட் நிலை இருந்தால் டிவிடெண்ட் உங்கள் தலையில். எக்ஸ்-டேட் அன்று காலை சந்தை திறந்ததுமே கவர் செய்தாலும் தப்ப முடியாது. தப்ப வேண்டுமென்றால் முந்தைய வேலைநாளே வாங்கிவிட வேண்டும். மறுபக்கம், எக்ஸ்-டேட் அன்றோ பிறகோ ஷார்ட் அடித்தவருக்கு அந்த டிவிடெண்டோடு சம்பந்தம் இல்லை.

அப்படியானால் எக்ஸ்-டேட்டுக்கு முன் எப்போதும் ஓடிவிட வேண்டுமா? அவசியம் இல்லை. எக்ஸ்-டேட் அன்று பங்கு பொதுவாக டிவிடெண்ட் அளவுக்கு இறங்கித்தான் திறக்கும். 54 டாலரில் முடிந்த பங்கு 0.75 டாலர் டிவிடெண்டுக்குப் பிறகு, வேறு செய்தி ஏதும் இல்லாவிட்டால், 53.25 பக்கம் திறக்கும். ஷார்ட் வைத்திருப்பவருக்கு விலையில் 0.75 லாபம், டிவிடெண்டில் 0.75 நஷ்டம். ஒரு கையில் வந்ததை மறு கையால் கொடுக்கிறீர்கள். எனவே டிவிடெண்ட் தன்னளவில் பெரிய செலவு இல்லை. அதைக் கழிக்க மறந்துவிட்டு, விலை இறங்கியதை மட்டும் லாபமாக எண்ணிக்கொள்வதுதான் ஆபத்து. இரவல் கட்டணத்துக்கு இப்படி ஈடுகட்டும் மறுபக்கம் கிடையாது. அது முழுச் செலவு.

திடீர் சிறப்பு டிவிடெண்ட் இன்னொரு கதை. காஸ்ட்கோ 2023 டிசம்பர் 14-ல் பங்குக்கு 15 டாலர் சிறப்பு டிவிடெண்ட் அறிவித்தது. எக்ஸ்-டேட் டிசம்பர் 27, பணம் கொடுத்தது 2024 ஜனவரி 12. வழக்கமான காலாண்டுத் தொகையை மட்டும் மனதில் வைத்து 100 பங்கு ஷார்ட் வைத்திருந்தவருக்கு 1,500 டாலர் பாக்கி விழும். அறிவிப்புக்கும் எக்ஸ்-டேட்டுக்கும் நடுவே இரண்டு வாரத்துக்கும் குறைவான அவகாசமே இருந்தது.

ஒரு ஷார்ட்டை முழுதாகக் கணக்கிடுவோம்

கற்பனைப் பங்கு ஒன்று. தேதிகள் 2025 ஜூன் காலண்டர்படி. ஜூன் 2, திங்களன்று 200 பங்கை 50 டாலருக்கு ஷார்ட் அடிக்கிறோம். விற்பனைத் தொகை 10,000. ஜூன் 30, திங்களன்று 46.20-க்குக் கவர் செய்கிறோம். விற்றது ஜூன் 3-ல் செட்டில் ஆகும். வாங்கியது ஜூலை 1-ல். ஆக ஜூன் 3 முதல் 30 வரை 28 நாள் கட்டணம். நடுவில் ஜூன் 19 வியாழன் சந்தை விடுமுறை. ஆனாலும் அந்த நாளுக்கும் கட்டணம் உண்டு. கணக்கு எளிதாக இருக்க, ஒவ்வொரு வாரமும் விலையும் வீதமும் மாறாமல் இருந்ததாக வைத்துக்கொள்வோம்.

முதல் வாரம், ஜூன் 3 முதல் 9 வரை, முடிவு விலை 50. அதன் 102 சதவீதம் சரியாக 51. 200 பங்குக்கு 10,200 டாலர். 18 சதவீத வீதத்தில் நாளுக்கு 5.10, ஏழு நாளுக்கு 35.70.

இரண்டாம் வாரம் பங்கு நமக்கு எதிராக 54-க்கு ஏறுகிறது. 55.08, ஏற்றினால் 56. 200 பங்குக்கு 11,200. வீதம் அதே 18. நாளுக்கு 5.60, வாரத்துக்கு 39.20. ஷார்ட் நஷ்டத்தில் இருக்கும்போது வாடகையும் ஏறுகிறது என்பதைக் கவனியுங்கள்.

ஜூன் 16, திங்கள் எக்ஸ்-டேட். டிவிடெண்ட் பங்குக்கு 0.75, நம் பாக்கி 150 டாலர். வெள்ளி 54-ல் முடிந்த பங்கு, டிவிடெண்டுக்கு இறங்கியது போக மேலும் கொஞ்சம் விழுந்து, திங்கள் 52-ல் முடிகிறது.

மூன்றாம் வாரம், ஜூன் 17 முதல் 23 வரை, விலை 52. 53.04, ஏற்றினால் 54. 200 பங்குக்கு 10,800. இந்த வாரம் இரவலுக்குக் கிடைக்கும் பங்குகள் சுருங்கி வீதம் 36-க்குப் போகிறது. நாளுக்கு 10.80, வாரத்துக்கு 75.60.

நான்காம் வாரம் பங்கு 45-க்கு விழுகிறது. 45.90, ஏற்றினால் 46; 200 பங்குக்கு 9,200. வீதம் 30. நாளுக்கு 7.67 அளவில், வாரத்துக்கு 53.67.

மொத்த இரவல் கட்டணம் 204.17 டாலர். தொடங்கும்போது 18 சதவீதத்தைப் பார்த்து, 10,200-க்கு 28 நாள் என்று போட்டிருந்தால் 142.80 என்றுதான் வந்திருக்கும். 61 டாலருக்கு மேல் கூடியதற்கு முக்கியக் காரணம், கடைசி இரண்டு வாரம் வீதம் ஏறியதுதான்.

இப்போது முழுக் கணக்கு:

```
விற்றது     200 × 50.00     10,000.00
வாங்கியது   200 × 46.20     -9,240.00
விலை லாபம்                     760.00
இரவல் கட்டணம்                 -204.17
டிவிடெண்ட்  200 × 0.75        -150.00
கமிஷன் (இரு பக்கமும்)           -2.00
நிகர லாபம்                     403.83
```

திரை காட்டிய 760-ல் பாதிக்குச் சற்று மேல்தான் கைக்கு வந்தது. முடங்கிய சொந்தப் பணம் 5,000 என்று எடுத்தால் ஏறத்தாழ 8 சதவீதம்.

லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை என்ற விலை எது? செலவுகளின் கூட்டு 356.17. அதை 200-ஆல் வகுத்தால் பங்குக்கு 1.78. ஆகவே 50-க்கு விற்ற இந்த ஷார்ட்டின் சமநிலை விலை 48.22. யாராவது 49-ல் கவர் செய்துவிட்டு 200 டாலர் சம்பாதித்தேன் என்றால், அதே கட்டணங்களோடு அவர் கணக்கு உண்மையில் 156.17 டாலர் நஷ்டம். நாள் கூடக் கூட இந்தச் சமநிலை விலை கீழே நகர்ந்துகொண்டே போகும். விரிதாளில் இதற்கென ஒரு பத்தி வைத்து நாள்தோறும் பாருங்கள். பங்கு அசையாமல் நிற்கும் நாட்களில்கூட ஷார்ட் தோற்றுக்கொண்டிருப்பது அதில் கண்ணுக்குத் தெரியும்.

நடுவில் ஒரு நாளை நிறுத்திப் பார்க்கலாம். ஜூன் 16 மாலை, விலை 52. திரை −400 என்று காட்டும். டிவிடெண்ட் பாக்கி 150, அதுவரை ஓடிய கட்டணம் 74.90. உண்மையான நிலை −624.90. 500 டாலர் நஷ்டம் வந்தால் வெளியேறுவேன் என்று முடிவு செய்திருந்தவர், திரையை மட்டும் பார்த்திருந்தால் எல்லையைத் தாண்டியதே தெரியாமல் இருந்திருப்பார்.

எங்கே கணக்கு பிசகும்

முதல் பிசகு தேதியில். டிவிடெண்ட் பாக்கி எக்ஸ்-டேட் அன்றே பதிவாகிவிடும். பணம் எடுப்பது கம்பெனி டிவிடெண்ட் கொடுக்கும் நாளில். நம் எடுத்துக்காட்டில் அந்த நாள் ஜூலை 9 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் 30-ல் கவர் செய்து, 550 டாலர் லாபம் என்று மகிழ்ந்து, பணத்தை எடுத்துவிட்டவருக்கு ஒன்பது நாள் கழித்து 150 டாலர் பிடித்தம் வரும். ஷார்ட்டே இல்லையே, எதற்குப் பிடித்தார்கள் என்று புரோக்கருக்கு எழுதுவார். ஸ்டேட்மென்டில் `Dividend Accruals` பகுதியைப் பார்த்திருந்தால் அந்தத் தொகை அங்கே காத்திருந்தது தெரிந்திருக்கும். இரவல் கட்டணமும் சில புரோக்கர்களிடம் நாள்தோறும் பதிவாகி மாதக் கடைசியிலோ அடுத்த மாதத் தொடக்கத்திலோதான் பணமாகக் கழியும். எனவே கவர் செய்த மாதத்துக்கு அடுத்த மாத ஸ்டேட்மென்டையும் பார்த்த பிறகே கணக்கை மூடுங்கள்.

இரண்டாவது பிசகு வரைபடத்தில். பல இலவசத் தளங்கள் பழைய விலைகளை டிவிடெண்டுக்கு ஏற்பத் திருத்திக் காட்டும். நம் பங்கின் ஜூன் 2 விலை, டிவிடெண்டுக்குப் பிறகு பார்த்தால் 50 என்று இருக்காது, 49.31 என்று இருக்கும். அந்த எண்ணிலிருந்து லாபம் போட்டால் 622 டாலர் வரும். அதில் டிவிடெண்ட் ஏற்கனவே ஏறத்தாழ கழிந்திருக்கிறது. மறுபடி 150 கழித்தால் ஒரே செலவை இரண்டு முறை எண்ணியதாகும். விற்ற விலையை வரைபடத்திலிருந்து எடுக்காமல், ஆர்டர் நிறைவேறிய ரசீதிலிருந்தே எடுங்கள்.

மூன்றாவது, விலையும் வீதமும் சேர்ந்து ஏறுவது. இதே 200 பங்கு 100 டாலருக்குப் போய், வீதமும் 60 சதவீதமானால், ஈட்டுத்தொகை 20,400. நாளுக்கு 34 டாலர். தொடங்கியபோது 5.10 ஆக இருந்தது. விலை இரட்டிப்பு, வாடகை ஆறரை மடங்குக்கு மேல். இரண்டும் ஒரே காரணத்தால் நடப்பதுதான் கொடுமை: விலை ஏறும் பரபரப்பில் புதிதாக ஷார்ட் அடிக்க வருவோர் கூடுகிறார்கள், தன் பங்கை விற்றுவிடலாம் என்று இரவல் கொடுத்தவர் திரும்பக் கேட்கிறார். திரும்பக் கேட்டு, வேறு இரவலும் கிடைக்காவிட்டால் புரோக்கரே சந்தை விலைக்கு வாங்கி உங்கள் ஷார்ட்டை மூடிவிடுவார். அந்த விலை எதுவானாலும் உங்கள் கணக்கில்தான்.

அமெரிக்காவில் வரி கட்டுகிறவர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஷார்ட்டை 45 நாளுக்குள் மூடினால், கொடுத்த டிவிடெண்டைத் தனிச் செலவாகக் காட்ட முடியாது. திருப்பி வாங்கிய விலையோடு கூட்ட வேண்டும். நம் கணக்கில் 9,240-ஓடு 150 சேர்ந்து 9,390 ஆகும், லாபம் அதற்கேற்பக் குறையும். 45 நாளைத் தாண்டினால் அது முதலீட்டு வட்டிச் செலவு என்ற வகைக்குப் போகிறது. செலவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிட்டு வரி தாக்கல் செய்கிறவருக்கு மட்டுமே பயன்படும். நிலையான கழிவை எடுப்பவருக்கு 46-வது நாளில் மூடுவதைவிட 44-வது நாளில் மூடுவது நல்லதாகிப் போகலாம்.

இந்தியாவில் இதே கணக்கு

இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் எல்ஆர்எஸ் திட்டத்தில் மார்ஜின் கட்ட அனுமதி இல்லை. எனவே மேலே சொன்னது வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கே பொருந்தும். இங்கே ஒரே நாளுக்குள் விற்று வாங்கினால் இரவலே தேவை இல்லை. நாள் கடந்து ஷார்ட் வைக்க வேண்டுமென்றால் எஸ்எல்பி எனப்படும் பங்கு இரவல் சந்தையில் பங்கை வாங்க வேண்டும். அந்த வசதி 2008 ஏப்ரல் 21-ல் ஏழு நாள் தவணையோடு தொடங்கியது. இப்போது 12 மாதம் வரை தவணை உண்டு.

கணக்கு இங்கே எளிது. கட்டணம் ஆண்டுச் சதவீதமாக இல்லாமல், பங்குக்கு இத்தனை ரூபாய் என்று, அந்தத் தவணை முழுதுக்கும் சேர்த்துப் பேசப்படுகிறது. பேசியது மாறாது. 800 ரூபாய்ப் பங்கில் 500 பங்கை மாதத்துக்கு 6 ரூபாய் வீதம் இரவல் எடுத்தால் 3,000 ரூபாய், அத்தோடு சரி; விலை ஏறினாலும் அது கூடாது. நடுவில் 4 ரூபாய் டிவிடெண்ட் வந்தால் 2,000 ரூபாயை கிளியரிங் நிறுவனம் உங்களிடம் வசூலித்து இரவல் கொடுத்தவருக்கு அனுப்பிவிடும். சமநிலை விலை 800-லிருந்து 10 குறைந்து 790. புரோக்கரேஜ், கட்டணத்தின் மேல் ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்தால் இன்னும் சற்றுக் கீழே.

எதிர்மறைப் பக்கம், பத்து நாளில் வேலை முடிந்தாலும் மாதக் கட்டணம் முழுதும் போய்விட்டது. இரவலை முன்கூட்டியே திருப்பிக் கொடுக்கலாம்; மீதி நாட்களுக்கான தொகை எவ்வளவு திரும்பும் என்பது அப்போது அந்தப் பங்கை எடுத்துக்கொள்ள வேறு யாராவது என்ன விலைக்கு முன்வருகிறார் என்பதைப் பொறுத்தது. பெரும்பாலான பங்குகளில் அந்தத் திரை காலியாகத்தான் கிடக்கும். எனவே தவணையைத் தேர்ந்தெடுக்கும்போதே எத்தனை நாள் தேவை என்று முடிவு செய்து, அந்தத் தவணைக்குள் எக்ஸ்-டேட் விழுகிறதா என்றும் பார்த்துவிட்டு, 6 ரூபாயா 10 ரூபாயா என்ற எண்ணை வைத்து விற்க வேண்டிய விலையைத் தீர்மானியுங்கள்.